ஓய்வு நாளில் உழைத்தால் எவ்வளவு கூலி? வார ஓய்வு ஊதியமும் 26 என்னும் எண்ணும்

இரயில் நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் நகராட்சித் தெருக்களிலும் ஒப்பந்தத்தில் பணிபுரியும் தூய்மைப் பணியாளர்களிடம் ஊதியத்தைப் பற்றிக் கேட்டால், பலரும் மாதத் தொகை ஒன்றைச் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலைக்குத் தனியாக என்ன கிடைக்கிறது என்று கேட்டால், “அது மாதச் சம்பளத்திலேயே சேர்ந்தது” என்றோ, “ஒரு நாள் கூலி கூடக் கொடுப்பார்கள்” என்றோ பதில் வரும். இந்த இரண்டு பதில்களில் எது சரி என்பதை ஒப்பந்ததாரரின் வாய்ச்சொல் தீர்மானிக்க முடியாது. அதற்குச் சட்டத்தில் விடை இருக்கிறது. அந்த விடைக்குப் போகும் வழி, பணியாளரின் நாள் ஊதியம் எந்த எண்ணால் வகுத்துப் பெறப்பட்டது என்ற கேள்வியில் தொடங்குகிறது.

சாதி ஒதுக்கிய தொழிலாகத் தூய்மைப் பணி நீடிக்கும் நாட்டில், வார ஓய்வைப் பறிப்பதும் அதற்குரிய கூலியைப் பிடித்துக்கொள்வதும் பெரும்பாலும் தலித் குடும்பங்களின் மீதே விழுகின்றன. எனவே இந்தக் கணக்கைத் தொழிற்சங்கத்தாரும் மாணவர்களும் தம் கையால் போட்டுப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். இக்கட்டுரை நடுவணரசு எல்லைக்குட்பட்ட ஒரு பணியை எடுத்துக்கொண்டு அந்தக் கணக்கை முழுமையாகப் போட்டுக் காட்டுகிறது.

சட்டம் சொல்வது என்ன?

குறைந்தபட்ச ஊதிய மசோதாவை 1946இல் மத்திய சட்டமன்றத்தில் அறிமுகம் செய்தவர் அன்றைய தொழிலாளர் துறை உறுப்பினரான அண்ணல் அம்பேத்கர். அது 1948இல் குறைந்தபட்ச ஊதியச் சட்டமாயிற்று. அச்சட்டத்தின் 13ஆம் பிரிவு மூன்று செய்திகளைச் சொன்னது. இயல்பான வேலைநாள் எத்தனை மணி நேரம் என்பதை அரசு வரையறுக்கலாம். ஏழு நாட்களுக்கு ஒரு நாள் ஓய்வு தரவும் அந்த ஓய்வு நாளுக்கு ஊதியம் தரவும் வகை செய்யலாம். ஓய்வு நாளில் வேலை வாங்கினால், மிகைநேர வேலைக்குரிய வீதத்துக்குக் குறையாமல் ஊதியம் தர வகை செய்யலாம்.

2025 நவம்பர் 21 முதல் இச்சட்டத்தின் இடத்தில் 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன் 13ஆம் பிரிவும் இதே மூன்று செய்திகளையே மீண்டும் சொல்கிறது. அதன் 14ஆம் பிரிவு, மிகைநேர ஊதியம் இயல்பான ஊதியத்தைப் போல் இரு மடங்குக்குக் குறையக்கூடாது என்கிறது. இவ்விரு பிரிவுகளையும் சேர்த்துப் படித்தால் அடிப்படை விதி கிடைத்துவிடும்: ஓய்வு நாளில் செய்த வேலைக்குக் குறைந்தது இரட்டிப்பு ஊதியம்.

ஆனால் ‘இரட்டிப்பு’ என்ற சொல்லிலேயே குழப்பமும் தொடங்குகிறது. மாதச் சம்பளத்தில் ஏற்கெனவே ஒரு பங்கு இருக்கிறது, ஆகவே இன்னும் ஒரு பங்கு கொடுத்தால் இரட்டிப்பாகிவிடும் என்பது ஒப்பந்ததாரரின் வாதம். மாதச் சம்பளம் ஓய்வு நாளுக்குரியது, வேலைக்கு அதற்கு மேல் இரண்டு பங்கு வேண்டும் என்பது பணியாளரின் வாதம். இந்தச் சிக்கலை அவிழ்க்கும் சொற்கள், 1950ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதிய நடுவண் விதிகளில் 23ஆம் விதியில் இருக்கின்றன. பழைய சட்டங்களின் கீழ் இயற்றப்பட்ட விதிகள், புதிய தொகுப்புக்கு முரண்படாத அளவில் தொடரும் என்று தொகுப்பின் 69ஆம் பிரிவு காப்பளிக்கிறது. தொகுப்பின் கீழ் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்த இடங்களில் அவற்றின் சொற்களைப் பார்க்க வேண்டும். ஆயினும் கணக்கின் தருக்கத்தைப் புரிந்துகொள்ள 23ஆம் விதியே சிறந்த வழிகாட்டி.

23ஆம் விதியின் நான்கு கூறுகள்

முதலாவது, ஒரே வேலையளிப்பவரிடம் ஆறு நாட்களுக்குக் குறையாமல் தொடர்ந்து பணிபுரிந்தவருக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டு. பொதுவாக அது ஞாயிற்றுக்கிழமை. வேலையளிப்பவர் வேறொரு நாளையும் நிர்ணயிக்கலாம், ஆனால் அதைப் பணியாளருக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.

இரண்டாவது, ஓய்வு நாளில் வேலை வாங்க வேண்டுமானால், அந்த நாளுக்கு முந்திய ஐந்து நாட்களிலோ பிந்திய ஐந்து நாட்களிலோ ஒரு முழு நாளை மாற்று ஓய்வாகத் தந்தாக வேண்டும். எப்படி மாற்றினாலும் ஒருவர் தொடர்ச்சியாகப் பத்து நாட்களுக்கு மேல் ஓய்வின்றி வேலை செய்யும் நிலை வரக்கூடாது. பணம் கொடுத்துவிட்டால் ஓய்வை எடுத்துக்கொள்ளலாம் என்று விதி சொல்லவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். இரட்டிப்பு ஊதியம் மாற்று ஓய்வுடன் சேர்த்துத் தரப்பட வேண்டியது. அது ஓய்வுக்கு ஈடான விலையன்று.

மூன்றாவது, வேலை செய்யாத ஓய்வு நாளுக்கு, அதற்கு முந்திய நாளின் வீதத்தில் ஊதியம் உண்டு. ஓய்வு நாளில் வேலை செய்து மாற்று ஓய்வும் பெற்றவருக்கு, வேலை செய்த அந்த ஓய்வு நாளுக்கு மிகைநேர வீதத்தில் ஊதியமும், மாற்று ஓய்வு நாளுக்கு இயல்பு வீதத்தில் ஊதியமும் தர வேண்டும்.

நான்காவது ஒரு விதிவிலக்கு. மாத ஊதியத்தை 26ஆல் வகுத்து நாள் ஊதியம் பெறப்பட்டிருந்தால், ஓய்வு நாளுக்கெனத் தனியே ஊதியம் இல்லை. அப்படிப்பட்டவர் ஓய்வு நாளில் வேலை செய்து மாற்று ஓய்வு பெற்றால், வேலை செய்த நாளுக்கு மட்டும் மிகைநேர வீதத்தில் ஊதியம் உண்டு.

கணக்கின் முடிச்சு இந்த நான்காவது கூறில்தான் இருக்கிறது. முப்பது நாள் மாதத்தில் நான்கு ஓய்வு நாட்களைக் கழித்தால் 26 வேலைநாட்கள். மாதம் முழுவதும் வாழ்வதற்குத் தேவையான தொகையை 30ஆல் வகுக்காமல் 26ஆல் வகுத்தால், ஒவ்வொரு வேலைநாளின் கூலியிலும் ஓய்வு நாளின் பங்கு பிரித்துச் சேர்க்கப்பட்டுவிடுகிறது. ஆகவே ஞாயிறு அன்று கூலி இல்லை என்றால் அது இலவச நாள் என்று பொருளாகாது. அதன் கூலி மற்ற ஆறு நாட்களுக்குள் ஏற்கெனவே இருக்கிறது என்றே பொருள். 26ஆல் வகுப்பதை ஒப்பந்ததாரரின் தாராளம் என்று எவரேனும் சொன்னால் அது தவறு. பணிக்கொடைக் கணக்கிலும் மாத ஊதியத்தை 26 வேலைநாட்களுக்கு உரியதாகக் கொள்வது சரியே என்று உச்ச நீதிமன்றம் திக்விஜய் கம்பளி ஆலை வழக்கில் 1980இல் ஏற்றுக்கொண்டது.

எந்த முறை என்பதைக் கண்டறிவது எப்படி?

அறிவிக்கப்பட்ட மாத ஊதியத்தை அறிவிக்கப்பட்ட நாள் ஊதியத்தால் வகுத்துப் பார்த்தால் போதும். நடுவணரசு எல்லைக்குட்பட்ட பணிகளில், கூட்டுதல், தூய்மை செய்தல் ஆகியவற்றுக்கு ‘ஏ’ பகுதியில் 2024 அக்டோபர் 1 முதல் அறிவிக்கப்பட்ட குறைந்தபட்ச ஊதியம், அகவிலைப்படியையும் சேர்த்து, நாளொன்றுக்கு 783 ரூபாய். மாதத்துக்கு 20,358 ரூபாய். 20,358ஐ 783ஆல் வகுத்தால் சரியாக 26 வரும். எனவே இது 26 முறை. ஓய்வு நாளின் ஊதியம் நாள் கூலிக்குள்ளேயே இருக்கிறது. அகவிலைப்படி ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும் மாறும். ஆகவே எந்த மாதத்துக்குக் கணக்குப் போடுகிறோமோ அந்த மாதத்தில் நடப்பிலிருந்த வீதத்தையே எடுக்க வேண்டும்.

அறிவிப்பு கையில் இல்லாதபோது ஊதியச் சீட்டே சாட்சி சொல்லும். ஒரு நாள் வராவிட்டால் எவ்வளவு வெட்டுகிறார்கள் என்று பாருங்கள். 20,358 ரூபாய்ச் சம்பளத்தில் ஒரு நாளுக்கு 783 ரூபாய் வெட்டினால், அந்த நிறுவனமே 26 முறையை ஒப்புக்கொண்டிருக்கிறது. அதே நிறுவனம் ஞாயிறு வேலைக்குக் கூலி தரும்போது மட்டும் சம்பளத்தை 30ஆல் வகுத்து 678 ரூபாய் 60 காசு என்று கணக்கிட்டால், அது வேண்டுமென்றே செய்யும் வேலை. வெட்டும்போது 26, கொடுக்கும்போது 30 என்ற இந்த இரட்டைக் கணக்கு, சீட்டுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

ஒரு மாதக் கணக்கு

சென்னை போன்ற ‘ஏ’ பகுதி நகரமொன்றின் இரயில் நிலையத்தில், ஒப்பந்ததாரரின் கீழ் பணிபுரியும் ஒரு பெண் தூய்மைப் பணியாளரை எடுத்துக்கொள்வோம். மாதம் 2024 நவம்பர். அம்மாதத்தில் 30 நாட்கள், அவற்றில் ஞாயிறுகள் 3, 10, 17, 24 ஆகிய நான்கு. அவருடைய ஓய்வு நாள் ஞாயிறு. நடைமேடையைக் கழுவும் வேலை ஓயாததால் அவர் முப்பது நாளும் வந்தார். மாற்று ஓய்வு ஒரு நாளும் தரப்படவில்லை.

அவருக்குச் சேர வேண்டியதை இரண்டு வரிகளில் எழுதலாம்:

இயல்பான வேலைநாட்கள்: 26 × 783 = 20,358 ரூபாய்.
ஓய்வு நாள் வேலை: 4 × 783 × 2 = 6,264 ரூபாய்.

மொத்தம் 26,622 ரூபாய். இனி, இதே பணியாளருக்கு நடைமுறையில் மூன்று விதமாகக் குறைத்துக் கொடுக்கப்படுவதைப் பார்ப்போம்.

முதல் வகை: மாதச் சம்பளம் 20,358 மட்டும். ஞாயிறும் அதில் அடக்கம் என்பது காரணம். இங்கே நான்கு நாள் வேலைக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. இழப்பு 6,264 ரூபாய். இதன் உட்பொருள் இன்னும் மோசமானது. முப்பது நாள் வேலைக்கு 20,358 என்றால், ஒரு நாள் கூலி 678 ரூபாய் 60 காசாகிவிடுகிறது. அதாவது அவர் குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே வேலை செய்திருக்கிறார். ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர்கள் குறித்து மக்கள் சனநாயக உரிமைகள் சங்கம் தொடுத்த வழக்கில், குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே வாங்கும் உழைப்பு அரசமைப்பின் 23ஆம் உறுப்பு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்தது. ‘ஞாயிறும் அடக்கம்’ என்னும் ஏற்பாட்டை அந்தத் தீர்ப்பின் வெளிச்சத்தில் வைத்துப் பேச வேண்டும்.

இரண்டாம் வகை: வந்த நாள் முப்பது, ஆகவே 30 × 783 = 23,490 ரூபாய். இது பார்வைக்கு நேர்மையான கணக்கு. செய்த ஒவ்வொரு நாளுக்கும் கூலி இருக்கிறது. பணியாளரே இதில் குறை காணமாட்டார். ஆனால் நான்கு ஞாயிறுகளுக்கும் ஒற்றைக் கூலியே தரப்பட்டிருக்கிறது. இழப்பு 3,132 ரூபாய். பரவலாக நடப்பதும் எளிதில் கண்ணுக்குப் படாததும் இந்த வகைதான். ஓய்வு நாளை இன்னொரு வேலைநாளாகவே இது கருதுகிறது. ஓய்வு என்ற கருத்தே கணக்கிலிருந்து மறைந்துபோகிறது.

மூன்றாம் வகை: ஞாயிறுக்கு இரட்டிப்பு உண்டு, ஆனால் 678.60 ரூபாயின் இரட்டிப்பு. நான்கு ஞாயிறுகளுக்கு 4 × 678.60 × 2 = 5,428 ரூபாய் 80 காசு. சேர வேண்டிய 6,264இல் 835 ரூபாய் 20 காசு குறைகிறது. ஒருவருக்கு இது சிறு தொகையாகத் தோன்றலாம். நூறு பேரை வைத்து வேலை வாங்கும் ஒப்பந்தத்தில் இது மாதத்துக்கு 83,520 ரூபாய்.

மாற்று ஓய்வு தந்தால் கணக்கு எப்படி மாறும்?

இப்போது அதே பணியாளர் ஒரு ஞாயிறு வேலைக்கு வந்து, பின்வரும் புதன்கிழமை மாற்று ஓய்வு எடுத்தார் என்று கொள்வோம். அவர் உழைத்தது ஆறு நாட்களே: ஞாயிறும், புதனைத் தவிர்த்த ஐந்து வேலைநாட்களும். சாதாரண வாரத்தில் அவருக்கு 6 × 783 = 4,698 ரூபாய் கிடைக்கும். இந்த வாரத்தில் ஐந்து நாளுக்கு 3,915 ரூபாய், ஞாயிறுக்கு இரட்டிப்பாக 1,566 ரூபாய், மொத்தம் 5,481 ரூபாய். சாதாரண வாரத்தைவிட 783 ரூபாய் அதிகம்.

“ஞாயிறுக்குப் பதில் புதன் விடுமுறை கொடுத்துவிட்டேனே, பிறகு எதற்குப் பணம்?” என்பது இங்கே கேட்கப்படும் கேள்வி. விதியின் விடை தெளிவானது. மாற்று ஓய்வு கொடுத்த பிறகும், வேலை வாங்கிய ஓய்வு நாளுக்கு மிகைநேர வீதம் உண்டு. ஓய்வு நாள் இடம் மாறியதற்கும், குடும்பத்தோடு இருக்க வேண்டிய நாளில் உழைத்ததற்கும் உரியது அந்த ஒரு நாள் கூடுதல் கூலி.

30ஆல் வகுக்கும் முறையிலும் இதே விடைதான் வருகிறதா என்று சோதித்துப் பார்க்கலாம். 18,000 ரூபாய் மாதச் சம்பளத்தை 30ஆல் வகுத்து நாளுக்கு 600 என்று வைத்திருக்கும் ஓரிடத்தைக் கற்பனை செய்வோம். இங்கே ஓய்வு நாளுக்கும் கூலி உண்டு என்பதால் சாதாரண வாரத்தின் ஊதியம் 7 × 600 = 4,200 ரூபாய். ஞாயிறு உழைத்துப் புதன் ஓய்ந்தால், ஐந்து வேலைநாட்களுக்கு 3,000, ஞாயிறுக்கு 1,200, மாற்று ஓய்வான புதனுக்கு 600. மொத்தம் 4,800 ரூபாய். சாதாரண வாரத்தைவிட 600 ரூபாய் அதிகம். இங்கேயும் கூடுதல் சரியாக ஒரு நாள் கூலிதான்.

மாற்று ஓய்வே தராவிட்டால்? 30 முறையில் ஆறு வேலைநாட்களுக்கு 3,600, ஞாயிறு வேலைக்கு 1,200, பறிக்கப்பட்ட ஓய்வுக்குரிய கூலி 600. மொத்தம் 5,400 ரூபாய், கூடுதல் இரண்டு நாள் கூலி. 26 முறையிலும், முன்பு கண்ட மாதக் கணக்கில், ஒவ்வொரு ஞாயிறுக்கும் கூடுதல் இரண்டு நாள் கூலியே. மாற்று ஓய்வு தராதது விதிமீறல் என்பதால், அந்த நிலைக்கென்று 23ஆம் விதி தனிக் கணக்கு எதையும் எழுதிவைக்கவில்லை. இங்கே 30 முறையில் வேலையளிப்பவர், சம்பளத்தில் ஒரு பங்கு ஏற்கெனவே இருக்கிறது, இன்னொரு பங்கு போதும் என்று வாதிடுவார். அதற்கான மறுவாதம் இது: சம்பளத்தில் இருக்கும் பங்கு ஓய்வுக்குரியது. மாற்று ஓய்வு தந்திருந்தால் அந்தப் பங்கு அந்த நாளுக்குப் போயிருக்கும். தர வேண்டிய ஓய்வைத் தராமல் விட்டதன் மூலம் ஒருவர் தாம் தர வேண்டிய பணத்தைக் குறைத்துக்கொள்ள முடியாது.

ஆகவே மனத்தில் பதிக்க வேண்டிய முடிவு எளியது. எந்த எண்ணால் வகுத்தாலும், சாதாரண வாரத்தைவிடக் கூடுதலாக வர வேண்டியது, மாற்று ஓய்வு தந்தால் ஒரு நாள் கூலி, தராவிட்டால் இரண்டு நாள் கூலி. வகுக்கும் எண் தீர்மானிப்பது அந்த ஒரு நாள் கூலி எவ்வளவு என்பதையே.

இந்தக் கணக்கு பொருந்தாத இடங்கள்

எல்லாப் பணியிடங்களுக்கும் இதை அப்படியே எடுத்துச்செல்ல முடியாது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் வார விடுமுறையை முந்திய அல்லது பிந்திய மூன்று நாட்களுக்குள் மாற்றிக் கொடுத்தால், ஞாயிறு வேலை என்பதற்காகவே இரட்டிப்பு ஊதியம் இல்லை. ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்தையோ வாரத்தில் 48 மணி நேரத்தையோ தாண்டினால்தான் இரட்டிப்பு. ஆகவே அங்கே வாரத்தின் மொத்த மணி நேரத்தை எண்ண வேண்டும். அச்சட்டத்தின் இடத்துக்கு இப்போது பணிப்பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் குறித்த 2020ஆம் ஆண்டின் தொகுப்பு வந்திருக்கிறது.

நகராட்சியின் நிரந்தரப் பணியாளருக்கும் ஒப்பந்தப் பணியாளருக்கும் இடையே இன்னொரு வேறுபாடு உண்டு. நகராட்சி மன்றம் ஹட்டா எதிர் பகத் சிங் வழக்கில் 1998இல் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் மிகைநேர ஊதியம் குறைந்தபட்ச ஊதிய வீதத்தில் சம்பளம் பெறுவோருக்கே உரியது என்றும், தம் பணி விதிகளின்படி அதைவிட மேலான ஊதியம் பெறுவோர் அச்சட்டத்தின் கீழ் அதைக் கோர முடியாது என்றும் கூறியது. நிரந்தரப் பணியாளர் தம் பணி விதிகளை நாட வேண்டும். குறைந்தபட்ச ஊதியத்தில் நிறுத்திவைக்கப்பட்டிருக்கும் ஒப்பந்தப் பணியாளருக்கு இந்த மறுப்பு பொருந்தாது. மேலும் மாநகராட்சி, நகராட்சிப் பணிகள் மாநில அரசின் எல்லைக்குள் வருவதால், அங்கே மாநில அரசு அறிவித்த வீதத்தையும் மாநில விதிகளையும் கொண்டே கணக்கிட வேண்டும்.

பதிவேட்டில் மறைவது எங்கே?

கணக்கு சரியாக இருந்தாலும், ஞாயிறு அன்று வேலை செய்ததை நிறுவ முடியாவிட்டால் பயனில்லை. வழக்கமான மறைப்பு, வருகைப் பதிவேட்டில் ஞாயிறுக்கு நேரே ‘வார விடுப்பு’ என்று எழுதிவிட்டு, அன்றைய கூலியைக் கையில் பணமாகக் கொடுப்பது. அப்போது வங்கிக் கணக்கிலும் சீட்டிலும் அந்த நாள் இருப்பதில்லை. அந்தப் பணத்துக்கு வருங்கால வைப்புநிதி, மாநிலக் காப்பீடு ஆகியவற்றின் கணக்கிலும் இடமில்லாமல் போகிறது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. நாள் கூலி முறையில் ஊதியம் பெறுபவரின் சீட்டுகளில் வேலைநாட்களின் எண்ணிக்கை மாதந்தோறும் மாற வேண்டும். 2025 சனவரியில் நான்கு ஞாயிறுகளை நீக்கினால் 27 நாட்கள், பிப்ரவரியில் 24 நாட்கள். இரண்டு மாதச் சீட்டிலும் ‘26 நாட்கள்’ என்றே அச்சாகியிருந்தால், அந்த எண் வருகைப் பதிவேட்டிலிருந்து வந்திருக்க முடியாது. சனவரியில் ஒரு நாள் கூலி காணாமல் போயிருக்கிறது. பிப்ரவரியில், ஞாயிறு வேலை செய்த இரண்டு நாட்களை ஒற்றைக் கூலியில் உள்ளே நுழைத்திருக்கிறார்களா என்று பணியாளரைக் கேட்க வேண்டும்.

பணியாளர் தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டியது ஒரு சிறு குறிப்பேடு. ஒவ்வொரு ஓய்வு நாள் வேலைக்கும் நாள், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், வரச்சொன்ன மேற்பார்வையாளர், மாற்று ஓய்வு தரப்பட்ட நாள் அல்லது தரப்படாமை ஆகியவற்றை அன்றன்றே எழுத வேண்டும். மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதிய பட்டியலைவிட அன்றாடம் எழுதிய வரிக்கு வலு அதிகம். மேற்பார்வையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

கோருவது எவரிடம், எப்போது?

ஊதியச் சட்டத்தொகுப்பின் 45ஆம் பிரிவின்படி, கோரிக்கை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். பழைய சட்டத்தில் இந்தக் காலவரம்பு ஆறு மாதமே. பணியாளரே மனுச் செய்யலாம், அவர் உறுப்பினராக உள்ள பதிவுபெற்ற தொழிற்சங்கமும் செய்யலாம். குறைந்த தொகையைத் தரச்சொல்வதோடு, அதைப் போல் பத்து மடங்கு வரை இழப்பீடு வழங்கவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. முன்பு கண்ட இரண்டாம் வகையில் ஒரு மாத இழப்பு 3,132 ரூபாய். அது ஓராண்டு நீடித்து, ஆண்டின் 52 ஞாயிறுகளும் அவ்வாறே கழிந்தால், குறைவு மட்டும் 52 × 783 = 40,716 ரூபாய்.

மனுவில் இரு பிரிவுகளை மறக்கக்கூடாது. ஊதியம் தரவில்லை அல்லது குறைத்துத் தந்தார்கள் என்ற கோரிக்கையில், பணத்தைக் கொடுத்துவிட்டதாக மெய்ப்பிக்கும் பொறுப்பை 59ஆம் பிரிவு வேலையளிப்பவர் மீதே சுமத்துகிறது. ஒப்பந்ததாரர் தராமல் போனால், நிறுவனத்தின் உரிமையாளர் பொறுப்பேற்க வேண்டும் என்று 43ஆம் பிரிவு சொல்கிறது. ஒப்பந்தம் முடிந்து ஒப்பந்ததாரர் மறைந்துவிட்டாலும், வேலை நடந்த இடம் மறைந்துவிடுவதில்லை. ஆகவே எதிர்மனுதாரராக இருவர் பெயரையும் சேர்க்க வேண்டும்.

மனுவோடு இணைக்கும் கணக்குத் தாள் நீளமாக இருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு வரி போதும்: நடப்பிலிருந்த நாள் ஊதியம், அது எந்த எண்ணால் வகுத்துப் பெறப்பட்டது, உழைத்த ஓய்வு நாட்களின் தேதிகள், தரப்பட்ட மாற்று ஓய்வுகள், சேர வேண்டிய தொகை, கொடுத்த தொகை, குறைவு. ‘ஞாயிறும் அடக்கம்’ என்ற வாய்ச்சொல்லுக்கு எதிரே அந்த வரிகள் நிற்கும்போது, எந்தத் தொகையில் எந்த நாள் அடங்கியது என்று விளக்க வேண்டிய கடமை சம்பளம் கொடுத்தவருக்கே வந்து சேரும்.